சுற்றறிக்கைப் படத்திலிருந்து மாதவாரி விடுமுறைப் பட்டியல்: எங்கே தவறுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது

பள்ளி ஒரு தாளை ஒட்டுகிறது. யாரோ ஒரு பெற்றோர் அதைப் படம் எடுத்து வகுப்புக் குழுவில் போடுகிறார். அந்தப் படத்தை மாதம் வாரியாக, எந்த நாளில் மூடல், எந்த நாளில் திறப்பு என்று எழுத்துப் பட்டியலாக மாற்றும் வேலையை எடுத்துக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை சிறியதுதான். ஆனால் ஒரு இலக்கம் பிறழ்ந்தால்கூட, ஒரு குழந்தை பூட்டிய வாசலில் நிற்கும், அல்லது ஊரிலிருந்து திரும்பும் ரயில் டிக்கெட் ஒரு நாள் தள்ளிப் பதிவாகிவிடும். ஆகவே படிப்பதைவிடச் சரிபார்ப்பதற்கே இதில் அதிக இடம் தருகிறேன்.

எடுத்துக்காட்டுக்குத் தமிழ்நாட்டின் 2025-26 கல்வியாண்டை எடுத்துக்கொள்கிறேன். கீழே இருப்பது எந்தப் பள்ளியின் தாளும் அல்ல. விளக்குவதற்காக நானே தொகுத்தது. தேதிகள் அந்த ஆண்டின் அரசு விடுமுறைகளும் தேர்வு விடுமுறைகளும். சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறையாக உள்ள பள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

```
15.08.2025  வெள்ளி   சுதந்திர தினம்
16.08.2025  சனி      கிருஷ்ண ஜெயந்தி
27.08.2025  புதன்    விநாயகர் சதுர்த்தி
05.09.2025  வெள்ளி   மிலாதுன் நபி *
27.09.2025 சனி - 05.10.2025 ஞாயிறு  காலாண்டு விடுமுறை
20.10.2025  திங்கள்  தீபாவளி
24.12.2025 புதன் - 04.01.2026 ஞாயிறு  அரையாண்டு விடுமுறை
15.01.2026 வியாழன் - 17.01.2026 சனி  பொங்கல்
26.01.2026  திங்கள்  குடியரசு தினம்
```

அறிகுறி: எழுத்துகள் குழம்பி வருகின்றன, பாதி வரிகளைக் காணவில்லை

பெரும்பாலும் குற்றம் படத்தில்தான் இருக்கும், படிக்கும் செயலியில் அல்ல. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டே வந்து சேர்கிறது. அது இரண்டு மூன்று குழுக்கள் கைமாறி வந்திருந்தால் 3, 8, 6 மூன்றும் ஒரே கறுப்புப் புள்ளியாகத் தெரியும். முதலில் படம் எடுத்தவரிடமே கேட்டு, அதைப் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் சுருங்காது. ஒரு ஏ4 தாளை எழுத்துணரிச் செயலி நன்றாகப் படிக்க, படத்தின் நீளப் பக்கம் ஏறக்குறைய 3500 பிக்சல் இருப்பது நல்லது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் வருவது அது.

நீங்களே படம் எடுப்பதானால், அறிவிப்புப் பலகையின் கண்ணாடியில் விளக்கு பிரதிபலிக்காத கோணத்தில் நில்லுங்கள். பக்கவாட்டில் நின்று எடுத்தால் வரிகள் சாய்ந்துவிடும். சாய்ந்த வரிகளில், ஒரு வரியின் தேதி அடுத்த வரியின் பண்டிகையோடு சேர்ந்துகொள்ளும். இது எழுத்துக் குழப்பத்தைவிட ஆபத்தானது. படித்த எழுத்து ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கும், இணைப்பு மட்டும் தவறாக இருக்கும்.

பள்ளி பிடிஎஃப் கோப்பாகவே அனுப்பியிருந்து, அதிலிருந்து நகலெடுத்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாக வருகிறதா? அந்தத் தாள் யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. நகலெடுக்க முயல வேண்டாம். பக்கத்தைப் பெரிதாக்கித் திரைப்பிடிப்பு எடுத்து, அதைப் படமாகவே படிக்க விடுங்கள்.

அறிகுறி: தேதிகள் எல்லாம் ஒரு கூட்டமாகவும் பண்டிகைகள் எல்லாம் ஒரு கூட்டமாகவும் வருகின்றன

தாளில் கட்டம் போட்ட அட்டவணை இருந்தால் இது நடக்கும். செயலி அட்டவணையை வரி வரியாகப் படிக்காமல், செய்தித்தாளின் பத்திகளைப் போல நிரல் நிரலாகப் படித்திருக்கிறது. கைபேசியில் கூகுள் லென்ஸ் பயன்படுத்துகிறவர்கள் மொத்தப் பக்கத்தையும் தேர்ந்தெடுக்காமல், ஒரு மாதத்துக்கான வரிகளை மட்டும் வெட்டியெடுத்துப் படிக்க விட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கணினியில் டெஸராக்ட் என்ற எழுத்துணரிச் செயலி வைத்திருப்பவர்கள், பக்கத்தை ஒரே தொகுதியாகப் படிக்கச் சொல்லலாம்:

```
tesseract circular.jpg list -l tam+eng --psm 6
```

இதற்குமேல் போராட வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு கல்வியாண்டின் விடுமுறைகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அட்டவணை பிடிவாதம் பிடித்தால், படத்தைத் திரையில் பெரிதாக வைத்துக்கொண்டு கையால் தட்டச்சு செய்வதே விரைவானது. எப்படிப் படித்தாலும், தாளில் உள்ள வரிகளின் எண்ணிக்கையும் உங்களிடம் உள்ள வரிகளின் எண்ணிக்கையும் ஒன்றா என்று எண்ணிப் பாருங்கள். மேலே உள்ள எடுத்துக்காட்டில் 9 வரிகள். 8 வந்தால் ஒன்று விழுங்கப்பட்டிருக்கிறது.

அறிகுறி: செப்டம்பர் 5 மே 9 ஆகிவிட்டது

விரிதாளில் ஒட்டியதும் சில தேதிகள் செல்லின் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தால் இதைச் சந்தேகியுங்கள். உங்கள் விரிதாள் மாதத்தை முதலில் படிக்கும் அமைப்பில் இருக்கலாம். அப்போது 05/09/2025 என்று எழுதியது மே 9 ஆகும். 27 என்ற மாதம் இல்லாததால் 27/09/2025 தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கும். 12-க்கு உட்பட்ட தேதிகள்தான் ஓசையில்லாமல் மாறுகின்றன என்பதால், மேலோட்டமாகப் பார்க்கும்போது பட்டியல் சரியாகவே தெரியும்.

அமைப்பை மாற்றலாம். அதைவிட உறுதியான வழி, தேதியை ஒரே செல்லில் எழுதாமல் நாள், மாதம், ஆண்டு என மூன்று செல்களில் எண்களாக எழுதுவது. A-யில் நாள், B-யில் மாதம், C-யில் ஆண்டு. E-யில் இந்தச் சூத்திரம்:

```
=DATE(C2,B2,A2)
```

யாருடைய கணினியில் திறந்தாலும் இது ஒரே தேதியைத்தான் தரும். D செல்லை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன். அது கிழமைக்கு.

அறிகுறி: எழுதிய கிழமையும் கணக்கிட்ட கிழமையும் ஒத்துவரவில்லை

இந்த அறிகுறி தென்பட்டால் நல்லது. தேதியின் பக்கத்தில் கிழமையையும் அச்சடிக்கிற பள்ளி, தன்னை அறியாமலே நமக்கு ஒரு சோதனைக் கருவியைத் தந்திருக்கிறது. ஒரே நாள் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதால், ஒன்று பிறழ்ந்தால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

D செல்லில், படத்தில் உள்ள கிழமையை உங்கள் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்யுங்கள். செயலி படித்த எழுத்தை அப்படியே ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளிகூட ஒப்பீட்டைக் கெடுக்கும். அதைவிட முக்கியம், சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக் கிழமையை நிரப்பாதீர்கள். அப்படி நிரப்பினால் தவறான தேதிக்கும் சரியான கிழமை அமைந்துவிடும், சோதனை செத்துப்போகும். கிழமை தாளிலிருந்துதான் வர வேண்டும். பிறகு F-இல் கணக்கிட்ட கிழமை, G-யில் ஒப்பீடு:

```
=CHOOSE(WEEKDAY(E2),"ஞாயிறு","திங்கள்","செவ்வாய்","புதன்","வியாழன்","வெள்ளி","சனி")
=IF(TRIM(D2)=F2,"","பார்")
```

"பார்" என்று வரும் வரிகளுக்கு மட்டும் படத்துக்குத் திரும்பிப் போனால் போதும். விநாயகர் சதுர்த்தியின் 27, மங்கலான படத்தில் 21 என்று படிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். 21.08.2025 வியாழன். தாளில் புதன். உடனே பிடிபடும். 3-ஐ 8 என்றோ, 5-ஐ 6 என்றோ, 0-ஐ 6 என்றோ படித்தாலும் பிடிபடும். பத்தாம் இடத்து இலக்கம் மாறினால் தேதி 10, 20 அல்லது 30 நாள் நகரும். இவற்றில் எதுவும் ஏழால் வகுபடாது. ஆகவே அதுவும் தப்பாது.

ஒத்துவராமை எந்தக் கோலத்தில் வருகிறது என்பதும் செய்தி சொல்லும். ஒரே ஒரு வரி பிசகினால் இலக்கப் பிழை. அடுத்தடுத்த பல வரிகள் பிசகினால் சாய்ந்த படத்தால் வரிகள் நழுவியிருக்கின்றன. டிசம்பர் வரை எல்லாம் சரியாக இருந்து, ஜனவரி முதல் எல்லாக் கிழமையும் ஒரு நாள் முன்னதாக வந்தால் ஆண்டு தவறு. பொங்கலுக்கு 2026 என்பதற்குப் பதில் 2025 என்று எழுதியிருப்பீர்கள். 15.01.2026 வியாழன், 15.01.2025 புதன். கல்வியாண்டு இரண்டு காலண்டர் ஆண்டுகளில் பரவியிருப்பதாலும், பல தாள்களில் ஆண்டு தலைப்பில் மட்டும் இருப்பதாலும் இந்தப் பிழை அடிக்கடி நேர்கிறது.

படத்தை மறுபடி பார்த்தும் தாளில் உள்ளபடியே எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் ஒத்துவரவில்லையென்றால் பிழை தாளிலேயே இருக்கிறது. அலுவலகத்தில் சென்ற ஆண்டின் கோப்பைத் திறந்து, தேதிகளை மாற்றி, கிழமையை மாற்ற மறந்திருப்பார்கள். இதைச் சோதிக்க C செல்லில் ஓர் ஆண்டைக் குறைத்துப் பாருங்கள். "24.12.2025 செவ்வாய்" என்று தாள் சொன்னால், 24.12.2024 செவ்வாய்க்கிழமைதான். அப்படியானால் கிழமைதான் பழையது என்று ஊகிக்கலாம். ஆனால் அந்த ஊகத்தைப் பட்டியலில் முடிவாக எழுதாதீர்கள். அந்த வரிக்கு எதிரே "பள்ளியில் கேட்டு உறுதி செய்யப்படும்" என்று போட்டு, அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேளுங்கள். பெற்றோர் குழுவில் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்யும் விஷயம் அல்ல இது.

அறிகுறி: கிழமை ஒத்துப்போகிறது, ஆனாலும் தேதி தவறு

கிழமைச் சோதனைக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. ஏழு நாள் அல்லது ஏழின் மடங்கில் நகர்ந்த தேதிக்கு அதே கிழமைதான். 1-க்கும் 8-க்கும் வித்தியாசம் 7. 0-க்கும் 7-க்கும், 2-க்கும் 9-க்கும் அப்படியே. 11 என்பது 18 ஆகப் படிக்கப்பட்டால் கிழமை வாய் திறக்காது.

இதற்கு இரண்டாவது காவல், தேதிகளின் வரிசை. சுற்றறிக்கையில் தேதிகள் ஏறுவரிசையில் இருக்கும். அடுத்த வரி முந்தைய வரியைவிட முன்னதாக வந்தால் எங்கோ பிசகு:

```
=IF(E3<E2,"வரிசை","")
```

இரண்டு காவலையும் தாண்டிப் போகக்கூடிய ஒரு பிழையும் இருக்கிறது. லீப் ஆண்டு அல்லாத ஆண்டில் பிப்ரவரிக்குச் சரியாக 28 நாள், அதாவது நான்கு வாரம். அதனால் பிப்ரவரியும் மார்ச்சும் கிழமைக்குக் கிழமை ஒன்றாக இருக்கும். 2026 அப்படிப்பட்ட ஆண்டு. அந்த ஆண்டின் தமிழ்நாடு அரசு விடுமுறைப் பட்டியலில் தைப்பூசம் பிப்ரவரி 1, தெலுங்கு வருடப்பிறப்பு மார்ச் 19, ரம்ஜான் மார்ச் 21. மங்கலான படத்தில் 19.03 என்பது 19.02 ஆகிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 19.03.2026 வியாழன், 19.02.2026-உம் வியாழன். கிழமை ஒத்துப்போகிறது. பிப்ரவரி 1-க்குப் பின்னும் மார்ச் 21-க்கு முன்னும் இருப்பதால் வரிசையும் கெடவில்லை. பட்டியல் பிப்ரவரி 19 விடுமுறை என்று அமைதியாகச் சொல்லும்.

இதைப் பிடிப்பது பண்டிகையின் பெயர்தான். தெலுங்கு வருடப்பிறப்பு பங்குனியில் வரும், பிப்ரவரி 19 மாசி. தினசரி காலண்டரை இப்போது எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை, ஏனென்றால் இப்போது கிழமையை நிரப்பவில்லை, பெயரைச் சரிபார்க்கிறோம். பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வரிகள் ஒவ்வொன்றையும், சூத்திரம் என்ன சொன்னாலும், காலண்டரோடு கண்ணால் ஒப்பிடுங்கள். விளையாட்டு விழாவுக்கு மறுநாள் விடுமுறை, பள்ளி ஆண்டு விழா விடுமுறை போன்றவற்றுக்குக் காலண்டர் உதவாது. அந்த வரிகளுக்குப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி: அக்டோபர் தலைப்பின் கீழ் தீபாவளி மட்டும்தான் இருக்கிறது

காலாண்டு விடுமுறை செப்டம்பர் 27-இல் தொடங்கி அக்டோபர் 5-இல் முடிகிறது. தொடங்கும் தேதியை வைத்து மாதம் பிரித்தால் அது முழுவதும் செப்டம்பரின் கீழ் போய்விடும். அக்டோபரை மட்டும் பார்க்கிற பெற்றோருக்கு, முதல் வாரம் பள்ளி நடப்பதாகத் தோன்றும். டிசம்பர் 24 முதல் ஜனவரி 4 வரையிலான அரையாண்டு விடுமுறைக்கும் இதே கதி.

இதன் எதிர்ப்பக்கமாக இன்னொரு பிழையும் வரும். சில பள்ளிகள் அக்டோபர் 1 ஆயுத பூஜை, அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி என்று தனி வரிகளையும் தாளில் போடுகின்றன. அவை காலாண்டு விடுமுறைக்குள்ளேயே இருப்பவை. இரண்டையும் கூட்டினால் இல்லாத விடுமுறைகள் முளைக்கும்.

இரண்டுக்கும் ஒரே மருந்து. விரிதாளில் இரண்டாவது தாள் ஒன்று திறந்து, ஒரு நாளுக்கு ஒரு வரி என்று விரித்து எழுதுங்கள். காலாண்டு விடுமுறை 9 வரிகளாகும்: செப்டம்பரில் 27, 28, 29, 30 என நான்கு, அக்டோபரில் 1 முதல் 5 வரை ஐந்து. முதல் தேதியை எழுதிக் கீழே இழுத்தாலே நிரம்பிவிடும். ஒரே நாள் இருமுறை வந்திருந்தால் இது காட்டும்:

```
=IF(COUNTIF(A:A,A2)>1,"இரட்டை","")
```

பள்ளியின் தாளில் "நாட்களின் எண்ணிக்கை" என்று ஒரு நிரல் இருந்தால் அதோடும் ஒப்பிடுங்கள். 9-க்குப் பதில் 5 என்று இருந்தால் பதற வேண்டாம். சனி, ஞாயிறுகளைக் கழித்து, வேலை நாட்களை மட்டும் எண்ணியிருக்கிறார்கள்: செப்டம்பர் 29, 30, அக்டோபர் 1, 2, 3. ஆனால் 8 என்றோ 4 என்றோ இருந்தால் தொடக்கத் தேதியோ முடிவுத் தேதியோ தவறாகப் படிக்கப்பட்டிருக்கலாம்.

விரித்த தாளிலிருந்து மாதவாரி பட்டியலை எழுதும்போது, தொடரும் விடுமுறையை இரண்டு மாதத்திலும் எழுதுங்கள். செப்டம்பரில் "அக்டோபர் 5 வரை தொடரும்" என்றும், அக்டோபரில் "தொடர்ச்சி" என்றும் குறிப்பு வேண்டும்.

அறிகுறி: திறப்பு நாள் ஒரு ஞாயிறு, அல்லது இன்னொரு விடுமுறை

பெற்றோர் உண்மையில் கேட்பது இந்த ஒரு தேதியைத்தான், ஆனால் பல தாள்களில் அது இருப்பதில்லை. இருக்கும் இடங்களிலும் சொல்லும் விதம் வேறுபடும். "05.10.2025 வரை விடுமுறை" என்றால் 5 மூடல், 6 திறப்பு. "விடுமுறை முடிந்து 06.10.2025 அன்று பள்ளி திறக்கும்" என்றால் 6-ஐ விடுமுறையில் சேர்க்கக் கூடாது. "23.12.2025 அன்று விடுமுறைக்காகப் பள்ளி மூடப்படும்" என்ற வாக்கியம்தான் சிக்கலானது. 23 கடைசி வேலை நாளா, முதல் விடுமுறை நாளா என்று அதில் தெளிவில்லை. அதே தாளில் தேர்வு அட்டவணை இருந்தால், 23 அன்று தேர்வு உண்டா என்று பாருங்கள். இருந்தால் அது வேலை நாள். இல்லையென்றால் பள்ளியைக் கேட்க வேண்டும்.

திறப்பு நாள் சொல்லப்படாத வரிகளுக்குச் சூத்திரத்தால் கணக்கிடலாம். விரித்த தாளின் A நிரலில் எல்லா மூடல் நாட்களும் இருக்கின்றன என்றால், A2-க்குப் பின் வரும் முதல் வேலை நாள்:

```
=WORKDAY.INTL(A2,1,1,$A$2:$A$80)
```

நடுவில் உள்ள இரண்டாவது 1, சனியும் ஞாயிறும் விடுமுறை என்று பொருள்படும். சனிக்கிழமை பள்ளி உண்டென்றால் அந்த இடத்தில் 11 போடுங்கள். இந்த ஒரு எண் முடிவை மாற்றிவிடும். செப்டம்பர் 5 வெள்ளி மிலாதுன் நபிக்குப் பின் திறப்பு, 1 போட்டால் 8 திங்கள், 11 போட்டால் 6 சனி. ஒன்று விட்டு ஒரு சனி பள்ளி நடத்துகிற இடங்களில் 11 போட்டு, விடுமுறைச் சனிகளையும் A நிரலில் சேர்த்துவிடுவதே நேரான வழி.

தாள் ஒரு திறப்பு நாளைச் சொல்லி, சூத்திரம் வேறொன்றைச் சொன்னால் தாள்தான் பெரியது. சூத்திரம் சந்தேகத்தைக் கிளப்புவதற்கு மட்டும். காலாண்டு விடுமுறைக்கு இரண்டும் 06.10.2025 திங்கள் என்று ஒத்துப்போகின்றன. பொங்கலுக்கு 17 சனிக்குப் பின் 18 ஞாயிறு, ஆகவே திறப்பு 19 திங்கள். இப்படி விடுமுறையோடு ஒட்டி வருகிற ஞாயிறுகளைப் பட்டியலில் தனியாக எழுத வேண்டியதில்லை. திறப்பு நாள் சரியாக இருந்தால் போதும்.

அறிகுறி: பட்டியலில் வேலை நாள், பள்ளியோ மூடியிருக்கிறது, அல்லது சனிக்கிழமை பள்ளி நடக்கிறது

படித்ததில் பிழை இல்லை, தாளுக்குப் பின் அறிவிப்பு மாறியிருக்கிறது. 2025 தீபாவளி நல்ல எடுத்துக்காட்டு. பண்டிகை அக்டோபர் 20 திங்கள். ஆண்டுப் பட்டியலின்படி 21 செவ்வாய் திறப்பு. ஆனால் 21-ஐயும் விடுமுறையாகத் தமிழ்நாடு அரசு பின்னர் அறிவித்தது. அதற்கு ஈடாக அக்டோபர் 25 சனிக்கிழமை பணி நாள். முந்தைய ஆண்டும் இப்படித்தான் நடந்தது. தீபாவளி அக்டோபர் 31, 2024. மறுநாள் நவம்பர் 1 விடுமுறை, ஈடாக நவம்பர் 9 சனி பணி நாள். கோடையில் அச்சடித்த சுற்றறிக்கையில் இவை இருக்க முடியாது.

இத்தகைய மாற்றம் வரும்போது இரண்டு வரிகள் மாற வேண்டும், ஒன்றல்ல. விடுமுறை சேர்ந்ததை எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள், ஈடுசெய்யும் சனிக்கிழமை தவறிப்போகிறது. மாவட்ட ஆட்சியர் கோயில் திருவிழாவுக்கோ தேவாலயப் பெருவிழாவுக்கோ உள்ளூர் விடுமுறை அறிவிக்கும்போதும், வழக்கமாக அதே அறிவிப்பில் ஒரு சனிக்கிழமை பணி நாளாகக் குறிப்பிடப்பட்டிருக்கும். அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். பட்டியலில் "பள்ளி உண்டு" என்ற வகை வரிக்கும் இடம் கொடுங்கள். மழை விடுமுறைகளைச் சேர்க்க வேண்டாம். அவை அன்றன்று அறிவிக்கப்படுபவை, பட்டியல் போய்ச் சேருமுன் பழையதாகிவிடும்.

தாளில் உள்ள சிறு குறிகளையும் இங்கே சொல்ல வேண்டும். மிலாதுன் நபிக்கு எதிரே இருந்த நட்சத்திரக் குறி, பிறை தெரிவதைப் பொறுத்துத் தேதி மாறலாம் என்பதற்கு. எழுத்துணரிச் செயலிகள் அந்தக் குறியைத் தூசி என்று நினைத்துத் தள்ளிவிடுவதுண்டு. தாளின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தால், அது எந்த வரியைச் சுட்டுகிறது என்று தேடிக் கண்டுபிடித்து அந்த வரியிலேயே எழுதுங்கள்.

அறிகுறி: விடுமுறை அல்லாத நாள் பட்டியலில் வந்துவிட்டது

அரசின் பொது விடுமுறைப் பட்டியலை அப்படியே ஒட்டிய தாள்களில் ஏப்ரல் 1 இருக்கும். அது வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிவுக்கான விடுமுறை, வணிக வங்கிகளுக்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் மட்டும் உரியது. ஆசிரியர்களுக்கான நாட்காட்டியில் வரும் வரையறுக்கப்பட்ட விடுப்பு நாட்களும் இப்படித்தான். அந்த நாட்களில் தனிப்பட்ட ஆசிரியர் விடுப்பு எடுக்கலாம், பள்ளி மூடாது. "1 முதல் 5ஆம் வகுப்பு வரை" என்பது போன்ற வகுப்புக் கட்டுப்பாடு உள்ள வரிகளில், அந்தச் சொற்களை விட்டுவிட்டால் மேல்வகுப்புக் குழந்தை வீட்டில் தங்கிவிடும்.

அறிகுறி: கைபேசி நாட்காட்டியில் விடுமுறையின் கடைசி நாள் காணவில்லை

சிலர் பட்டியலைக் கைபேசி நாட்காட்டியில் நேரே சேர்க்கக்கூடிய .ics கோப்பாகவும் கேட்பார்கள். முழுநாள் நிகழ்வுக்கு அந்தக் கோப்பில் எழுதும் முடிவுத் தேதி நிகழ்வில் சேராது. அதற்கு முந்தைய நாளோடு நிகழ்வு முடிந்துவிடும். ஆகவே அக்டோபர் 5 வரை விடுமுறை என்றால் 6 என்று எழுத வேண்டும்:

```
DTSTART;VALUE=DATE:20250927
DTEND;VALUE=DATE:20251006
```

பெற்றோருக்குப் போக வேண்டிய வடிவம்

படமாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். குழுவில் "அக்டோபர்" என்று தேடினால் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் மூடல், காரணம், திறப்பு மூன்றும் கிழமையோடு இருக்கட்டும். மேலே பார்த்த தாளின் முதல் மூன்று மாதங்கள், தீபாவளித் திருத்தத்துக்குப் பின் இப்படி வரும்:

ஆகஸ்ட் 2025
15 வெள்ளி, 16 சனி மூடல்: சுதந்திர தினம், கிருஷ்ண ஜெயந்தி. திறப்பு 18 திங்கள்.
27 புதன் மூடல்: விநாயகர் சதுர்த்தி. திறப்பு 28 வியாழன்.

செப்டம்பர் 2025
5 வெள்ளி மூடல்: மிலாதுன் நபி (பிறையைப் பொறுத்து மாறலாம்). திறப்பு 8 திங்கள்.
27 சனி முதல் 30 செவ்வாய் வரை மூடல்: காலாண்டு விடுமுறை, அக்டோபர் 5 வரை தொடரும்.

அக்டோபர் 2025
1 புதன் முதல் 5 ஞாயிறு வரை மூடல்: காலாண்டு விடுமுறை, தொடர்ச்சி. திறப்பு 6 திங்கள்.
20 திங்கள், 21 செவ்வாய் மூடல்: தீபாவளி (21 பின்னர் சேர்க்கப்பட்டது). திறப்பு 22 புதன்.
25 சனி பள்ளி உண்டு: 21-க்கு ஈடு.

பட்டியலின் முதல் வரியில் எந்தத் தேதியிட்ட சுற்றறிக்கையின்படி எழுதியது, எந்த நாளில் திருத்தியது என்று போடுங்கள். திருத்தம் வந்தால் மாறிய வரியை மட்டும் தனியாக அனுப்பாமல் முழுப் பட்டியலையும் புதிய தேதியோடு மறுபடி அனுப்பி, பழைய செய்தியைக் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனைவருக்குமாக நீக்கும் கால வரம்பு கடந்திருந்தால், பழைய செய்திக்கே பதிலாக "இது மாற்றப்பட்டது, கீழே உள்ளதைப் பாருங்கள்" என்று எழுதிவிட்டுப் புதியதைக் குழுவின் உச்சியில் பொருத்தி வையுங்கள்.